நான்கு டிஸ்க்குகளும் ஒரு முனகலும்

நான்கு ஹார்டு டிஸ்க்குகள் பொருத்திய சேமிப்புப் பெட்டி ஒன்று அலமாரியில் இருக்கிறது. பகலில் அதைப் பற்றி யாருக்கும் நினைவே வராது. இரவு பத்து மணிக்கு மேல், தெருவும் மின்விசிறியும் ஓய்ந்த பிறகு, அது முனகத் தொடங்குகிறது. முதலில் ‘ம்ம்ம்’ என்று மெல்ல எழும்பும். பிறகு பெரிதாகி, அலமாரிக் கதவே உறுமுவதுபோல் ஆகும். அதன்பின் தேய்ந்து, கிட்டத்தட்ட இல்லாமல் போகும். பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அந்த நேரத்தில் யாரும் கோப்பு எதையும் திறக்கவில்லை, எழுதவும் இல்லை. அதே டிஸ்க்குகளில் ஒன்றை மேசையில் தனியாக வைத்து ஓட்டினால் காதை ஒட்டிவைத்துத்தான் கேட்க வேண்டும்.

இதைக் கேட்பவர்களுக்கு வருவது இரண்டு சந்தேகங்கள். ஏதோ ஒரு டிஸ்க் கெட்டுப்போகிறதா? கெடவில்லை என்றாலும், நான்கும் ஒன்றையொன்று ஆட்டி ஆட்டிக் கெடுத்துக்கொள்ளுமா? முதல் கேள்விக்கு விடை சுலபம். இரண்டாவதுதான் கட்டுரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். காதுக்குக் கேட்கும் அதிர்வு ஒன்று, டிஸ்க்கை உண்மையில் தொந்தரவு செய்யும் அதிர்வு வேறொன்று.

ஒலியின் ஊற்றுக்கண்ணிலிருந்து தொடங்குவோம். ஹார்டு டிஸ்க்குக்குள் பளபளப்பான தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டுச் சுழல்கின்றன. 7200 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது வினாடிக்கு 120. தட்டடுக்கை எவ்வளவு நுணுக்கமாகச் சமன்செய்தாலும் அதன் நிறை மையம் அச்சின் மேல் துல்லியமாக அமர்வதில்லை. மிச்சமிருக்கும் அந்தச் சிறு ஏற்றத்தாழ்வு, ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் உடலை ஒருமுறை இழுத்துவிடும். வினாடிக்கு 120 இழுப்பு என்பதுதான் 120 ஹெர்ட்ஸ் அதிர்வெண். பாட்டுக்காரர்கள் கணக்கில் அது ஒரு கட்டைச் சுருதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். 5400 ஆர்பிஎம் டிஸ்க் 90 ஹெர்ட்ஸில் முனகும்.

முன்பெல்லாம் ஹார்டு டிஸ்க் என்றால் ‘கீ’ என்ற கூர்மையான ஒலிதான் நினைவுக்கு வரும். அது அச்சைத் தாங்கிய பால் பேரிங்குகளின் ஒலி. 2000-க்குப் பின்வந்த சில ஆண்டுகளில் எண்ணெய்ப் படலத்தின் மேல் அச்சு மிதக்கும் பேரிங்குகள் வந்து அந்தக் கீச்சலை அடக்கிவிட்டன. எண்ணெயால் அடக்க முடியாதது சமனின்மை. இன்று நாம் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.

தனியாக இருக்கும்போது இந்த 120 ஹெர்ட்ஸ் ஏன் கேட்பதில்லை? காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 2.9 மீட்டர். டிஸ்க்கோ ஒரு சாண் நீளம்கூட இல்லை. இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு நீண்ட அலையில் அசையும்போது, முன்பக்கம் தள்ளப்படும் காற்று சுற்றிக்கொண்டு பின்பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. அழுத்தம் உருவாவதற்குள் கரைந்துபோகிறது. தம்புராவை நினைத்துப் பாருங்கள். தந்தியை மட்டும் கழற்றி இரண்டு ஆணிகளுக்கிடையில் கட்டி மீட்டினால் ஒலி பக்கத்து ஆளுக்கே கேட்காது. குடத்தோடும் பலகையோடும் சேர்ந்தால்தான் அறை நிறைகிறது. டிஸ்க் தந்தி என்றால், பெட்டியின் தகரமும் அலமாரியின் பலகையும் அதற்குக் குடம். ஆகவே பெட்டி உறுமுகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் அலமாரியின் குரல்.

இதைச் சோதிப்பது எளிது. முனகல் உச்சத்தில் இருக்கும்போது பெட்டியின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒலி சட்டென்று குறைந்தால் அந்தத் தகடுதான் பாடிக்கொண்டிருக்கிறது. குறையவில்லை என்றால் அலமாரித் தட்டை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் தனக்கென்று சில அதிர்வெண்கள் உண்டு. டிஸ்க்கின் 120 அவற்றில் ஒன்றுக்கு அருகே விழுந்துவிட்டால் சின்ன இழுப்புகூடப் பெரிய ஆட்டமாகும். பாடநூல்கள் இதை ஒத்ததிர்வு என்கின்றன. ஒரே டிஸ்க்குகளை வேறு பெட்டிக்கு மாற்றியதும் சத்தம் அடங்கிவிட்டது என்று சிலர் சொல்வது இதனால்தான். டிஸ்க்குகள் மாறவில்லை, குடம் மாறிவிட்டது.

இனி அந்த ஏற்ற இறக்கத்துக்கு வருவோம். தம்புராவின் இரண்டு நடுத் தந்திகளையும் ஒரே சுருதியில் கூட்ட முயலும்போது, அவை சேர்வதற்குச் சற்று முன்பாக ஒலி ‘வோவ்… வோவ்…’ என்று அலையும். சேரச்சேர அலைவு மெதுவாகும். முழுமையாகச் சேர்ந்ததும் நின்றுவிடும். பள்ளி இயற்பியலில் இதற்கு விம்மல் என்று பெயர். மிக நெருங்கிய இரு அதிர்வெண்கள் சில கணங்கள் ஒரே திசையில் தள்ளி ஒன்றையொன்று பெருக்குகின்றன. பிறகு மெல்ல முன்பின்னாகி, ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும் நிலைக்கு வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

டிஸ்க்குகளிலும் அதேதான் நடக்கிறது. எல்லாவற்றின் லேபிளிலும் 7200 என்றே இருக்கும். ஆனால் ஒவ்வொரு டிஸ்க்கும் தன் சர்க்யூட் பலகையில் உள்ள தன் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சுழல்கிறது. பக்கத்து டிஸ்க்கோடு அதற்கு எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. தயாரிப்பாளர் கையேடுகள் சிலவற்றில் சுழல் வேகத்துக்கு 0.2 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று அனுமதி தரப்பட்டிருக்கிறது. 7200-ல் அது 14 சுற்றுக்கும் மேல். நம் பெட்டியில் பன்னிரண்டு வினாடிக்கு ஒரு விம்மல். அப்படியானால் இரு டிஸ்க்குகளுக்கு இடையிலான வித்தியாசம் வினாடிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று, நிமிடத்துக்கு ஐந்து சுற்று. ஒன்று 7200 என்றால் மற்றது 7205. இரண்டும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் ஆரோக்கியமாகவே ஓடுகின்றன.

நான்கு டிஸ்க் இருந்தால் ஆறு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் அதனதன் வித்தியாசம். ஆறு விம்மல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால்தான் சில பெட்டிகளில் ஏற்ற இறக்கம் ஒழுங்கில்லாமல், யாரோ இஷ்டத்துக்குக் குமிழைத் திருகுவதுபோல் இருக்கிறது. எப்போதாவது நான்கும் ஒரே கட்டத்தில் சேர்ந்துவிட்டால் அதிர்வின் வீச்சு ஒரு டிஸ்க்கினுடையதைப்போல் நான்கு மடங்கு வரை போகும். இரவில் ஒருமுறை மட்டும் திடீரென்று பெரிதாக உறுமிவிட்டு அடங்குவது இதனால் இருக்கலாம்.

முதல் கேள்வி தீர்ந்தது. மெதுவாக ஏறி இறங்கும் முனகல் பழுதின் அறிகுறி இல்லை.

இதெல்லாம் ஊகமில்லை என்று எப்படித் தெரியும்? கைப்பேசியே போதும். ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் டிஸ்க்கின் சுழற்சி ஊசிபோல் கூர்மையான கோடாகத் தெரியும். இந்த முறையின் வலிமைக்கு 2020-ல் ஒரு நல்ல சான்று கிடைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றை 5400 ஆர்பிஎம் ‘கிளாஸ்’ என்று விற்றது. வாங்கியவர்களில் சிலர் டிஸ்க்கின் அருகே மைக்கை வைத்துப் பதிவுசெய்து பார்த்தார்கள். 90-ல் இருக்க வேண்டிய கோடு 120-ல் நின்றது. தட்டுகள் 7200-ல் சுழல்கின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. கிளாஸ் என்பது செயல்திறன் வகையைக் குறிக்கிறதே தவிர உண்மையான சுழல் வேகத்தை அல்ல என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. விளக்கம் எப்படியோ, டிஸ்க்கைத் திறக்காமலே அதன் வேகத்தைக் காதால் அளந்துவிட்டார்கள்.

நம் ஊரில் இந்த அளவீட்டுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், யூபிஎஸ் ஆகியவற்றுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர்கள் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். டிஸ்க்குகள் 90-லோ 120-லோ இருப்பதால் இரண்டையும் வரைபடத்தில் குழப்பிக்கொள்ள வழியில்லை. மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் வரும் அமெரிக்காவில் டிரான்ஸ்பார்மரும் 7200 டிஸ்க்கும் ஒரே 120-ல் வந்து உட்காரும்.

ஒரு கல்யாண ஸ்டுடியோவை எடுத்துக்கொள்வோம். எடிட்டிங் அறையில் ஓர் இரும்பு ரேக். மேல்தட்டில் 7200 டிஸ்க்குகள் நான்கு போட்ட பெட்டி, கீழ்த்தட்டில் ஸ்டெபிலைசர், மேசையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர். முனகல் தாங்கவில்லை, எதை மாற்றுவது என்று தெரியவில்லை. வரைபடத்தில் இரண்டு கோடுகள், ஒன்று 100-ல், இன்னொன்று 120-ல். 100-ல் நிற்கும் கோடு ஏறி இறங்காமல் அப்படியே இருக்கிறது. 120-ல் நிற்பது மட்டும் பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை வளர்ந்து தேய்கிறது. ஆக, சத்தத்தில் ஒரு பங்கு பெட்டியினுடையதே அல்ல. டிஸ்க்குகளைக் குறைசொல்வதற்கு முன் ஸ்டெபிலைசரை ரேக்கிலிருந்து இறக்கித் தரையில் வைக்க வேண்டும்.

எந்த டிஸ்க் விம்மலில் பங்கெடுக்கிறது என்று பார்க்க, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்து டிஸ்க்கை உருவிப் பார்ப்பவர்கள் உண்டு. ரெய்டு அமைப்பில் இது ஆபத்தான விளையாட்டு. அதைவிட நல்ல வழி, பெட்டியை முறைப்படி அணைத்துவிட்டு மறுபடி இயக்கும்போது கேட்பது. பல பெட்டிகள் மின்சுமையைக் குறைக்க டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சுழலவிடுகின்றன. முதல் டிஸ்க் வேகம் பிடித்ததும் வரும் ஒலி சீராக இருக்கும். இரண்டாவது சேர்ந்ததும் விம்மல் தொடங்குகிறதா, மூன்றாவதில்தான் தொடங்குகிறதா என்று காதாலேயே சொல்லிவிடலாம்.

பெட்டியின் மின்விசிறியும் சந்தேகப் பட்டியலில் உண்டு. அதன் வேகம் சூட்டுக்கேற்ப மாறும் என்பதால் வரைபடத்தில் அதன் கோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கின் கோடு இடம் பெயராது.

இனி அந்த இரண்டாவது கேள்வி. இந்த ஆட்டம் டிஸ்க்குக்குக் கெடுதலா? விடைக்கு டிஸ்க்குக்குள் போக வேண்டும்.

தட்டின் மேல் தரவு வட்ட வட்டத் தடங்களாக எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய பெரிய டிஸ்க்குகளில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி சுமார் 50 முதல் 60 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடங்கள் அடங்கிவிடும். எழுதவும் வாசிக்கவும் செய்யும் முனை ஒரு கையின் நுனியில் இருக்கிறது. எழுதும்போது அந்த முனை தடத்தின் நடுவிலிருந்து சில நானோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் பக்கத்துத் தடத்தில் இருக்கும் தரவின் மேல் எழுதிவிடும்.

இந்தக் கட்டுப்பாட்டைச் செய்வது சர்வோ என்னும் ஏற்பாடு. ஒவ்வொரு தடத்திலும் தரவுக்கு நடுநடுவே இடக்குறிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. முனை அவற்றைத் தாண்டும்போதெல்லாம் தான் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. உடனே கையை நகர்த்தும் சுருளுக்குத் திருத்தம் போகிறது. ஒரு சுற்றில் சில நூறு குறிகள் என்பதால் வினாடிக்குப் பல்லாயிரம் திருத்தங்கள் நடக்கின்றன. விலகல் எல்லையைத் தாண்டினால் டிஸ்க் எழுதுவதை அந்த நொடியே நிறுத்திவிடும். அந்த இடம் மறுபடி முனைக்குக் கீழே வரும்வரை, அதாவது இன்னொரு முழுச் சுற்று, காத்திருந்து எழுதும். 7200-ல் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. கேட்கச் சொற்பமாகத் தெரியும். ஒரு வினாடிக்குள் நாற்பது ஐம்பது முறை இது நடந்தால் எழுதும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்காவது காணாமல் போயிருக்கும். தரவு கெட்டிருக்காது, வேகம்தான் அடிவாங்கும்.

இப்போது பக்கத்து டிஸ்க்கின் 120 ஹெர்ட்ஸ் முனகல் வந்து ஆட்டுகிறது. சர்வோவுக்கு இது பெரிய வேலை இல்லை. பல்லாயிரம் முறை திருத்தும் ஒன்றுக்கு, வினாடிக்கு 120 முறை மட்டுமே அசையும் ஆட்டம் மிக மெதுவானது. வருவதைப் பார்த்து நிதானமாகச் சரிசெய்துவிடும். சில நூறு ஹெர்ட்ஸ் வரை சர்வோ அதிர்வைப் பெரும்பாலும் அமுக்கிவிடுகிறது. சிக்கல் ஆயிரம் ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்கு மேலும் தொடங்குகிறது. கைக்கும் அதன் நுனித் தகட்டுக்கும் தங்களுக்கென்று சில ஆயிரம் ஹெர்ட்ஸில் இயல்பான அதிர்வுகள் உண்டு. அவற்றைக் கிளறிவிடக் கூடாது என்பதற்காக சர்வோவின் துடிப்பை வடிவமைப்பாளர்கள் அதற்குக் கீழேயே கட்டுப்படுத்தி வைக்கிறார்கள். தவிர, பின்னூட்டக் கட்டுப்பாட்டின் கணிதத்தில் ஒரு கறாரான விதி இருக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் எவ்வளவு நன்றாக அமுக்குகிறோமோ, அதற்கு விலையாக வேறோர் உயர்ந்த அதிர்வெண் பட்டையில் ஆட்டம் கொஞ்சம் பெரிதாகியே தீரும். ஆக, டிஸ்க்கைப் படுத்துவது தாழ்ந்த முனகல் அல்ல, அதைவிடக் கூர்மையான ஒலிகள்.

இதை உலகுக்குக் காட்டியது 2008 டிசம்பரில் வெளியான ஒரு சிறு வீடியோ. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், டிஸ்க்குகள் நிறைந்த அடுக்குகளின் முன்னால் முகத்தை வைத்துத் தொண்டை கிழியக் கத்தினார். அதே நேரத்தில் டிஸ்க்குகளின் பதில் தாமதத்தைக் காட்டும் வரைபடத்தில், அவர் கத்திய கணங்களில் மட்டும் தாமதம் எகிறியது. அந்த அறையில் நூற்றுக்கணக்கான விசிறிகளும் டிஸ்க்குகளும் ஓயாமல் இரைந்துகொண்டுதான் இருந்தன. அந்த இரைச்சலைத் தாங்கி ஓடிய டிஸ்க்குகள் ஒரு மனிதக் குரலுக்குத் தடுமாறின. கத்தலில் ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய ஆற்றல் நிறைய உண்டு என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் நடந்தது இன்னும் கடுமை. தீயணைப்பு ஒத்திகைக்காக வாயுவைத் திறந்துவிட்டார்கள். குழல்முனைகளிலிருந்து வாயு பீறிட்ட சத்தம் 130 டெசிபலைத் தாண்டியது. அந்த ஒலியில் டிஸ்க்குகள் பல சேதமடைந்து, வங்கியின் அட்டைகளும் ஏடிஎம்களும் ஏறக்குறைய பத்து மணி நேரம் முடங்கின. வீட்டுப் பெட்டியில் இந்த அளவு சத்தம் வரப்போவதில்லை. ஆனால் விசிலடிக்கும் காற்று எந்தப் பக்கம் ஆபத்து என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதிர்வெண் மட்டுமல்ல, அதிர்வின் வடிவமும் முக்கியம். முனையைத் தாங்கும் கை ஓர் அச்சில் திரும்புகிறது. அதன் ஒரு பக்கம் முனை, மறுபக்கம் சுருள். இரண்டு பக்க எடையும் அச்சிலேயே சமனாகும்படி கையை அமைத்திருக்கிறார்கள். ஆகவே டிஸ்க்கை நேர்கோட்டில் முன்பின்னாக ஆட்டினால் கை முழுவதும் டிஸ்க்கோடு சேர்ந்தே நகரும், திரும்பாது. டிஸ்க்கின் உடல் ஒரு திருகுபோல் வலமும் இடமுமாகத் திரும்பினால் கதை வேறு. தட்டும் உடலும் திரும்பும், சமன்செய்யப்பட்ட கை தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். முனை தடத்தைவிட்டு விலகிவிடும். இதைச் சுழல் அதிர்வு என்பார்கள். விற்பனை அட்டைகளில் ஆர்வி என்ற சுருக்கப் பெயரில் வருவது இதுதான்.

சுழல் அதிர்வை உண்டாக்குவது யார்? பக்கத்து டிஸ்க்கின் கை. ஒரு தடத்திலிருந்து தொலைவிலுள்ள தடத்துக்குக் கை பாயும்போது அதைத் திருப்பிய விசை எதிர்த்திசையில் டிஸ்க்கின் உடலையும் திருகுகிறது. அந்த உதை திருகாணிகள் வழியாகச் சட்டத்துக்குப் போய், சட்டம் வழியாக அடுத்த டிஸ்க்குக்கு வருகிறது. முனகலைப்போல இது ஒழுங்கான ஒற்றைச் சுருதி அல்ல. எப்போது வரும் என்று சொல்ல முடியாத, பல அதிர்வெண்கள் கலந்த தட்டல். காதுக்குக் ‘கிர்ரக், கிர்ரக்’ என்று சன்னமாகக் கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. நான்கு பேர் ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு கோப்புகளைக் கேட்கும்போதுதான் இது மிகுதியாகும்.

நாஸ் பயன்பாட்டுக்கென்று விற்கப்படும் டிஸ்க்குகளில் பலவற்றுக்கு, அதிலும் பெரிய கொள்ளளவுள்ளவற்றுக்கு, சர்க்யூட் பலகையில் சிறிய அதிர்வு உணரிகள் வைத்திருக்கிறார்கள். உடல் திருகத் தொடங்கியதை அவை கண்டதும், முனை விலகும்வரை காத்திராமல் கைக்கு முன்கூட்டியே எதிர்த் திருத்தம் போய்விடுகிறது. இந்த வகை டிஸ்க்கை எட்டு டிஸ்க் பெட்டி வரை, இந்த வகையை இருபத்துநான்கு டிஸ்க் பெட்டி வரை என்று தயாரிப்பாளர்கள் பிரித்துச் சொல்வதில் விற்பனைத் தந்திரம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அடிப்படை உண்மையானதுதான். இரண்டு டிஸ்க் பெட்டிக்குச் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் பெரும்பாலும் போதும். ஆறு, எட்டு என்று போகும்போது உணரி உள்ளவற்றுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீணல்ல.

இதிலிருந்து ஒரு வினோதமான முடிவு வருகிறது. சத்தத்தைக் குறைக்க நாம் முதலில் செய்ய நினைப்பது டிஸ்க்கைச் சுற்றி மெத்தென்ற ரப்பரை வைப்பது. அது சில நேரம் நிலைமையை மோசமாக்கும்.

ரப்பரின் மேல் அமர்ந்த எந்தப் பொருளுக்கும் தானாக ஆடும் ஒரு வேகம் உண்டு. அது எவ்வளவு என்பதை ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்தே ஏறக்குறைய சொல்லலாம். பொருளின் எடையால் ரப்பர் ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த இயல் அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ். பத்தில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினால் 50. ஒரு தாளின் தடிமனில் கால்பங்குகூட அமுங்காத கெட்டி ரப்பர் வாஷராக இருந்தால் அது 100-ஐயும் தாண்டிவிடும். டிஸ்க்கின் முனகலும் அங்கேதான் இருக்கிறது. அதிர்வைத் தடுக்கப் போட்ட வாஷர் அதற்கு ஒத்துப் பாடத் தொடங்கும். இயல் அதிர்வெண்ணைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் உள்ள அதிர்வுகளைத்தான் எந்த ரப்பரும் தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது, அதன் அருகே பெருக்கும்.

மாறாக, டிஸ்க்கை மிக மெத்தென்று, எலாஸ்டிக் பட்டையில் தொங்கவிட்டால்? முனகல் பிரமாதமாக அடங்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கை பாயும் ஒவ்வொரு உதைக்கும் பற்றிக்கொள்ள எதுவுமில்லாமல் டிஸ்க் தானே திரும்பும். சட்டத்தோடு ஒட்டியிருந்தால் அதன் வழியே வெளியேறியிருக்கும் சூடும் போக வழியில்லாமல் நிற்கும். நான்கு டிஸ்க் ஓடும் பெட்டியில் எனக்கு இது சரியான யோசனையாகப் படவில்லை.

என் கணக்குப்படி நல்ல ஏற்பாடு இப்படி இருக்கும். உள்ளே இறுக்கம், அடியில் மெத்தை. ஒவ்வொரு டிஸ்க்கையும் அதைப் பெட்டிக்குள் செருகும் தட்டில் எல்லாத் திருகாணிகளும் போட்டு இறுக்குங்கள். பெட்டிக்குள் தட்டு முழுதாகப் போய் அமர்ந்து, கிளிப் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கடகடவென்ற ஒலி வந்தால் அது பெரும்பாலும் தளர்ந்த தட்டு அல்லது மூடி. அப்படித் தட்டிக்கொள்ளும் இடங்களில் 120 ஹெர்ட்ஸ் என்ற நிதானமான ஆட்டம் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் கொண்ட சிறு மோதல்களாக உருமாறுகிறது. சர்வோவால் சமாளிக்க முடிந்ததை சமாளிக்க முடியாததாக்கும் இந்தத் தளர்வைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பிறகு முழுப் பெட்டியையும் ஒரு மெத்தையின் மேல் வையுங்கள். டிஸ்க்குகளோடு சேர்த்து அது ஐந்து கிலோ இருக்கலாம். வைத்ததும் அடியிலுள்ள பஞ்சு அல்லது ரப்பர் ஒரு மில்லிமீட்டராவது அமுங்க வேண்டும். அதே நேரம் முழுவதுமாக நசுங்கித் தரையைத் தொட்டுவிடவும் கூடாது. அப்படி அமைந்தால் இயல் அதிர்வெண் இருபது, முப்பது ஹெர்ட்ஸுக்குள் நின்றுவிடும், 120-ல் சிறு பங்குதான் ரேக்குக்குப் போகும். பெட்டியின் அடியில் காற்றுத் துளைகள் இருந்தால் அவற்றை மூடாமல் நான்கு மூலைகளில் மட்டும் வையுங்கள். பக்கத் தகடு பாடுவதாகக் கைச்சோதனையில் தெரிந்தால், கார் கதவுக்குள் ஒட்டும் கனமான டாம்பிங் ஷீட்டில் ஒரு துண்டைத் தகட்டின் நடுவில் ஒட்டினால் போதும்.

ஸ்டுடியோ ரேக்குக்குத் திரும்பினால், ஸ்டெபிலைசர் தரைக்குப் போயிற்று, பெட்டி மெத்தைமேல் ஏறியது. மிச்சம் அந்த ஸ்பீக்கர்கள். முனகலைப் பற்றிக் கவலைப்படும் பலரும் இவற்றைக் கவனிப்பதில்லை. எடிட்டிங்கின்போது உரக்க வைத்த பாட்டில் சர்வோவுக்குப் பிடிக்காத அதிர்வெண்கள் தாராளமாக இருக்கின்றன. ஸ்பீக்கரும் பெட்டியும் ஒரே பலகையில் இருந்தால் அவை நேராக டிஸ்க்குக்குப் போகும். பாதிப்பு உண்டா என்பதைப் பெரிய கோப்பு ஒன்றைப் பெட்டிக்கு நகலெடுத்தே பார்த்துவிடலாம். ஒருமுறை அமைதியில், ஒருமுறை பாட்டோடு. எழுதும் வேகம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. பாட்டின்போது மட்டும் வேகம் விழுந்து எழுந்து நொண்டினால் ஸ்பீக்கரை வேறு மேசைக்கு மாற்றுங்கள். இந்த மாற்றங்களையெல்லாம் பெட்டியை அணைத்து, தட்டுகள் நின்ற பிறகே செய்ய வேண்டும். ஓடும் டிஸ்க் தாங்கும் அதிர்ச்சி, நின்றிருக்கும் டிஸ்க் தாங்குவதைவிட மிகக் குறைவு.

கடைசியாக, எந்த ஒலிக்குப் பயப்பட வேண்டும்? முனகலோடு புதிதாக அரைக்கும் ஒலி சேர்ந்தால், சீரான இடைவெளியில் ‘டிக்… டிக்’ என்று முனை திரும்பத் திரும்ப இடம் தேடினால், சுழலத் தொடங்கும்போது தயங்கித் தயங்கி எழுந்தால், அது விம்மல் அல்ல. காதை மட்டும் நம்பாமல் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவையும் பார்க்கலாம். லினக்ஸில் கட்டளை இது.

```
sudo smartctl -A /dev/sda
```

பெரும்பாலான நாஸ் பெட்டிகளின் மெனுவிலும் இதே பட்டியல் கிடைக்கும். அதில் Reallocated_Sector_Ct, Current_Pending_Sector, Spin_Retry_Count ஆகிய மூன்றின் கடைசிப் பத்தியில் உள்ள எண்களை இன்று குறித்துவைத்து ஒரு மாதம் கழித்து ஒப்பிடுங்கள். எண்கள் நகராமல் இருந்தால் பெட்டி எவ்வளவு முனகினாலும் அதற்கு வேண்டியது மெத்தைதான், புது டிஸ்க் அல்ல. ஏறிக்கொண்டே போனால், பெட்டி எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அந்த டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.